லாபம் போதாத ஆண்டில் முன்னே நிற்பது முதலுக்கான வட்டியா, சம்பளமா?

புதுக்கூட்டாளி:
நானும் நண்பரும் இரண்டு ஆண்டுகளாகக் கூட்டாகத் தொழில் நடத்துகிறோம். என் முதல் 10 லட்சம், அவருடையது 2 லட்சம். அன்றாட வேலை முழுக்க அவர் கையில். டீடில் இருப்பது இவ்வளவுதான்: "பங்குதாரர்களின் முதலுக்கு ஆண்டுக்கு 12% வட்டி வழங்கப்படும். நிர்வாகப் பங்குதாரருக்கு மாதம் ரூ.20,000 சம்பளம் வழங்கப்படும். லாப நஷ்டம் இருவருக்கும் சமம்." இந்த ஆண்டு வட்டி, சம்பளம் இரண்டையும் கழிப்பதற்கு முன் லாபம் 2,40,000. அவர் எடுத்த சம்பளமே 2,40,000. "லாபம் அதோடு தீர்ந்துவிட்டது, வட்டிக்கு எங்கே போவது" என்கிறார். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் என் 1,20,000 வட்டி வந்தாக வேண்டும் என்கிறேன் நான். யார் பக்கம் நியாயம்?

வணிகவியல் டீச்சர்:
இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. வட்டி, சம்பளம் இரண்டுமே லாபத்தைப் பிரித்துக்கொள்ளும் வழிகள்தான். லாபம் போதவில்லை என்றால் உரிமைத் தொகைகளின் விகிதத்தில் பிரிக்க வேண்டும். சம்பளம் 2,40,000. வட்டி உங்களுக்கு 1,20,000, அவருடைய 2 லட்சத்துக்கு 24,000, ஆக 1,44,000. விகிதம் 5:3. இருக்கிற 2,40,000-ல் சம்பளத்துக்கு 1,50,000, வட்டிக்கு 90,000. அந்த 90,000-ல் உங்களுக்கு 75,000, அவருக்கு 15,000. இதில் விவாதிக்கவே ஒன்றும் இல்லை.

உழைக்கும் பங்காளி:
விவாதிக்க நிறையவே இருக்கிறது, டீச்சர். நானும் நிர்வாகப் பங்குதாரர்தான். காலை 8 மணிக்கு ஷட்டரைத் தூக்குவதும் இரவு இறக்குவதும் நான். அந்த வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்திருந்தால் அவர் சம்பளத்தை "லாபம் வரட்டும், பார்க்கலாம்" என்று நிறுத்தி வைப்பார்களா? சம்பளம் போன பிறகு மிஞ்சுவதுதான் லாபம். முதல் போட்டவர் ரிஸ்க் எடுத்தவர். லாபம் இல்லாத ஆண்டில் அவருக்கு வட்டி இல்லை என்பதுதான் அந்த ரிஸ்க்.

வரிக்கணக்கு:
நான் பார்க்கும் கூட்டு நிறுவனங்களில் இரண்டையுமே செலவாக எழுதுகிறோம். வட்டி 1,44,000, சம்பளம் 2,40,000, மொத்தம் 3,84,000. லாபம் 2,40,000 போக 1,44,000 நஷ்டம். வட்டியைக் கட்டாயம் வரவு வைக்க வேண்டும். வருமான வரிச் சட்டமே 12% வரை வட்டியைக் கழிக்க அனுமதிக்கிறது. டீடில் 12% என்று இருப்பதும் அதனால்தான்.

புதுக்கூட்டாளி:
நன்றி சார். அப்படியானால் என் 1,20,000 உறுதி. இதை அப்படியே அவரிடம் காட்டிவிடுகிறேன்.

பேரேடு:
தம்பி, காட்டுவதற்கு முன் கணக்கைக் கடைசி வரி வரைக்கும் போட்டுப் பாருங்கள். வரிக்கணக்கு சொன்ன முறையில் உங்கள் பெயரில் 1,20,000 வட்டி வரவாகும், சரி. ஆனால் 1,44,000 நஷ்டத்தில் பாதி, 72,000, உங்கள் தலையில் விழும். நிகரமாக உங்களுக்கு நிற்பது 48,000. அவருக்கு சம்பளம் 2,40,000, வட்டி 24,000, நஷ்டப் பங்கு 72,000 போக 1,92,000. டீச்சர் கணக்கில் உங்களுக்கு 75,000 வந்தது. எதைக் கேட்டுச் சண்டை போடுகிறீர்களோ அதுவே உங்களுக்கு 27,000 குறைவாகத் தருகிறது.

வட்டி மட்டும் கட்டாயம், சம்பளம் லாபத்தில் மிஞ்சினால்தான் என்று டீடில் இருந்திருந்தால், 1,44,000 வட்டி போக மீதி 96,000 அவருக்குச் சம்பளம். இருவருக்கும் ஆளுக்கு 1,20,000. உங்கள் நண்பர் சொல்வது போல் சம்பளம் முழுக்க முன்னால் போனால் உங்களுக்குச் சுழியம். ஒரே தொகைகள், ஒரே லாபம். உங்கள் பங்கு மட்டும் 0, 48,000, 75,000, 1,20,000 என்று நான்கு விதமாக வருகிறது.

போன ஆண்டு லாபம் எவ்வளவு?

புதுக்கூட்டாளி:
5 லட்சம் அண்ணா. அப்போது ஒரு பிரச்சினையும் வரவில்லை.

பேரேடு:
வந்திருக்காது. 5 லட்சத்தில் சம்பளம், வட்டி 3,84,000 போக 1,16,000 மிஞ்சும், ஆளுக்கு 58,000. செலவாக எழுதினாலும் லாபப் பகிர்வாக எழுதினாலும், எதை முன்னே வைத்தாலும், நல்ல ஆண்டில் விடை ஒன்றுதான். அதனால்தான் இந்த ஓட்டையோடு எத்தனையோ டீட்கள் பல ஆண்டு நிம்மதியாக ஓடுகின்றன.

இனி சட்டம். 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 13. முதலுக்கு வட்டி உண்டு என்று ஒப்பந்தம் இருந்தாலும் அதை லாபத்திலிருந்து மட்டுமே தர வேண்டும் என்கிறது. வேறு விதமாக எழுதிக்கொள்ளக் கூட்டாளிகளுக்கு உரிமை உண்டு. உங்கள் டீடில் "வழங்கப்படும்" என்பதோடு நிற்கிறது, "லாபம் இல்லாவிட்டாலும்" என்ற சொல் இல்லை. எனவே 1,20,000 முழுதாக வந்தாக வேண்டும் என்ற உங்கள் வாதம் நிற்காது. வரிச் சட்டத்தின் 12% என்பது எவ்வளவு வட்டியைக் கழிவாக ஏற்பார்கள் என்பதற்கான உச்சவரம்பு. கூட்டாளிகளுக்குள் யாருக்கு எவ்வளவு என்பதை அது தீர்மானிக்காது.

சம்பளத்துக்கு வருவோம். ஒப்பந்தம் இல்லாமல் எந்தக் கூட்டாளியும் சம்பளம் கேட்க முடியாது என்பதோடு அதே பிரிவு நிறுத்திக்கொள்கிறது. ஒப்பந்தம் இருக்கும்போது அது செலவா, லாபப் பகிர்வா என்று சொல்லவில்லை. டீச்சருக்கும் உழைக்கும் பங்காளிக்கும் இடையில் இருக்கும் உண்மையான வழக்கு இதுதான்.

வணிகவியல் டீச்சர்:
டீட் எதுவும் சொல்லாதபோது லாபப் பகிர்வாகத்தான் கொள்ள வேண்டும் என்று வகுப்பில் எப்போதும் சொல்லித் தருகிறோம். கூட்டாளி தனக்குத் தானே வேலைக்காரர் ஆக முடியாதே.

பேரேடு:
அந்த வாதம் வலுவானதுதான், நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் தேர்வு வினாவில் டீடின் மௌனம் மட்டும் இருக்கும், இங்கே உங்கள் நிறுவனத்தின் கணக்குப் பேரேடும் இருக்கிறது. பிரிவு 11-இன்படி கூட்டாளிகளின் ஒப்பந்தத்தை அவர்கள் வழக்கமாக நடந்துகொண்ட விதத்திலிருந்தும் கண்டுகொள்ளலாம். தம்பி, அந்த மாதம் 20,000 எந்தக் கணக்கில் பற்று எழுதப்பட்டிருக்கிறது?

புதுக்கூட்டாளி:
இப்போதுதான் திறந்து பார்த்தேன். முதல் ஆண்டு முழுவதும் "சம்பளக் கணக்கு". இந்த ஆண்டு ஜூலை வரை அதுவேதான். ஆகஸ்டிலிருந்து அவர் பெயரிலேயே "எடுப்புகள்" என்று எழுதியிருக்கிறார்கள். கணக்கு எழுதுபவர் மாறினார், அதனால் இருக்கலாம்.

உழைக்கும் பங்காளி:
பாருங்கள், முதல் 16 மாதம் சம்பளம் என்றே எழுதி, இருவரும் ஐந்தொகையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நடத்தையே சொல்கிறது.

பேரேடு:
ஓரளவு சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே முதல் ஆண்டில் வட்டியும் செலவாகத்தான் எழுதப்பட்டிருக்கும். அந்த நடத்தையைச் சான்றாக எடுத்தால் இரண்டையும் சேர்த்தே எடுக்க வேண்டும், அப்போது விடை 48,000. சம்பளத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு வட்டிக்கு விட்டுவிட முடியாது.

கைமாற்று:
எனக்கும் இதே பிரச்சினை. சரக்கு வாங்கப் பணம் போதாதபோது என் சொந்தப் பணம் 5 லட்சம் நிறுவனத்தில் போட்டேன். டீடில் வட்டியைப் பற்றி ஒன்றுமே இல்லை. எனக்கும் 12% கேட்கலாமா?

பேரேடு:
உங்களுடையது வேறு விஷயம். ஒப்புக்கொண்ட முதலுக்கு மேல் தொழிலுக்காகக் கொடுத்த முன்பணம் என்றால், டீடில் இல்லாவிட்டாலும் பிரிவு 13 ஆண்டுக்கு 6% தருகிறது, 5 லட்சத்துக்கு 30,000. முதல் வட்டிக்கு இருக்கும் "லாபத்திலிருந்து மட்டுமே" என்ற தடை இதற்கு இல்லை. நிறுவனத்தைக் கலைக்கும்போதும் வெளிக்கடன்களுக்கு அடுத்து இந்தப் பணம், அதற்குப் பிறகுதான் முதல். அதனால் அது எந்தத் தலைப்பில் வரவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். முதல் கணக்கில் சேர்த்திருந்தால், வட்டி விதி இல்லாத உங்கள் டீடில் ஒன்றும் கிடைக்காது.

உழைக்கும் பங்காளி:
டீச்சர் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு உரியது 1,65,000, எடுத்தது 2,40,000. மீதி 75,000-ஐத் திருப்பிக் கொடு என்பீர்களா? வீட்டுச் செலவுக்குப் போன பணம் அது.

வணிகவியல் டீச்சர்:
நிறுவனத்தின் ஏட்டில் அவர் பெயரில் இருக்கும் நடப்புக் கணக்கில் பற்று மீதியாக நிற்கும். அடுத்த ஆண்டுப் பங்கில் நேர் செய்துகொள்ளலாம். எடுப்புகளுக்கு வட்டி என்று டீடில் இல்லை, ஆகவே வட்டியும் போட முடியாது.

பேரேடு:
நடப்புக் கணக்கு தனியாக இருந்தால் சரி. எல்லாவற்றையும் முதல் கணக்கிலேயே எழுதும் மாறும் முதல் முறை என்றால் அந்த 75,000 அவருடைய 2 லட்சத்திலேயே கழிந்து 1,25,000 ஆகும். அடுத்த ஆண்டு அவருடைய வட்டி 24,000-லிருந்து 15,000 ஆகிவிடும். சண்டை புதிதாக ஒரு கிளை விடும். முதலை நிலையாக வைத்து, வட்டி, சம்பளம், எடுப்பு, லாபம் எல்லாவற்றையும் நடப்புக் கணக்கில் எழுதுவது என்று டீடிலேயே சொல்லிவிடுங்கள்.

வட்டி, சம்பள விதியை நான் இப்படி எழுதுவேன்: "நிர்வாகப் பங்குதாரருக்கு மாதம் ரூ.12,500 நிறுவனத்தின் செலவாக, லாபம் இல்லாவிட்டாலும் வழங்கப்படும். மேலும் மாதம் ரூ.7,500 சம்பளமும், முதல் மீதான 12% வட்டியும் லாபத்திலிருந்து மட்டுமே வழங்கப்படும். லாபம் போதாத ஆண்டில் இவை இரண்டும் உரிமைத் தொகைகளின் விகிதத்தில் குறைக்கப்படும். குறைந்த தொகை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லப்பட மாட்டாது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் அடுத்த நல்ல ஆண்டில் "போன ஆண்டு பாக்கி" என்று இருவருமே கேட்பார்கள்.

உழைக்கும் பங்காளி:
12,500-க்கு யார் முழு நேரம் உழைப்பார்கள்? 20,000-ம் செலவாகத்தான் இருக்க வேண்டும். வேண்டுமானால் லாப விகிதத்தை 60:40 என்று முதல் போட்டவர் பக்கம் மாற்றிக்கொள்ளட்டும்.

பேரேடு:
விகிதம் மாறினால் நஷ்டமும் 60:40 ஆகும், நஷ்டத்துக்குத் தனி விகிதம் எழுதாவிட்டால். லாபம் சம்பளத்தையே எட்டாத ஆண்டுகளில் அது முதல் போட்டவரை இன்னும் பாதிக்கும்.

வரிக்கணக்கு:
பேரேடு சார் சொன்ன கணக்கை ஏற்கிறேன், நஷ்டப் பங்கை நான் யோசிக்கவில்லை. ஒன்று மட்டும். சம்பளத்தையோ வட்டியையோ மாற்றினால் திருத்த டீட் எழுதும் தேதி முக்கியம். அந்தத் தேதிக்கு முந்தைய காலத்துக்கான தொகையை வரியில் கழிக்க விடமாட்டார்கள். முன்தேதி போட்டு எழுதலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

புதுக்கூட்டாளி:
நேற்று இரவு இருவரும் உட்கார்ந்து நான்கு கணக்கையும் தாளில் எழுதிப் பார்த்தோம். இரண்டையும் செலவாக எழுதும் கணக்கில் 48,000-ஐப் பார்த்ததும் எனக்கே பேச்சு வரவில்லை. இந்த ஆண்டுக்கு 5:3-ஐ ஒப்புக்கொண்டார். 75,000-ஐ நடப்புக் கணக்கில் பற்றாக விட்டுவிடச் சம்மதித்தேன். நடப்புக் கணக்குகள் தனியாகத் திறக்கச் சொல்லியாகிவிட்டது. 12,500-க்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை, 16,000 கேட்கிறார். 16,000 செலவாகப் போனால் இந்த ஆண்டு லாபத்தில் 48,000-தான் மிஞ்சியிருக்கும். அதில் எனக்கு எவ்வளவு வரும் என்று இன்று போட்டுப் பார்த்துவிட்டு மீண்டும் பேசப் போகிறோம்.