மெனு கார்டு போட்டோவைப் பார்த்து டைப் அடித்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

கடலோரன்
இரண்டு வருஷமாகியும் உறுத்துகிறது. மாமாவின் ஓட்டல் மெனுவை ஆன்லைன் ஆர்டருக்கு ஏற்ற வேண்டும். லேமினேட் செய்த கார்டை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். கையால் அடிக்கச் சோம்பல்பட்டு, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதியில் விட்டேன். பெயர்களை முதலில் கொட்டியது, விலைகளைக் கீழே தனியாகக் கொட்டியது. இரண்டையும் எக்செலில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன்.

கடல் உணவில் வஞ்சிரம் வறுவல், நெத்திலி வறுவல், இறால் தொக்கு, கணவாய் மிளகு, நண்டு மசாலா. விலை 160, 220, 210, 260. ஐந்து பெயருக்கு நாலு விலை. நண்டுக்கு எதிரே காலியாக இருந்ததால் மாமாவிடம் நண்டு விலையை மட்டும் கேட்டேன். 260 என்றார், நிரப்பிவிட்டேன். கணவாய்க்கும் 260 நிற்பது கண்ணில் படவே இல்லை.

காலி உண்மையில் வஞ்சிரத்துக்கு. அன்றன்றைக்கு மீன் அளவைப் பார்த்துச் சொல்வார்களாம், அதனால் கார்டில் விலையே போடவில்லை. ஞாயிறு மதியம் போன் வருகிறது. பின்னால் தோசைக்கல் சத்தம். "மாப்ள, வஞ்சிரத்த 160க்கு யாருடா விக்கச் சொன்னா?"

நேர்கோடு
போட்டோ சாய்ந்திருந்தால் இப்படித்தான். எனக்கும் 120/- என்பது 1201- என்று வந்தது. கார்டைத் தரையில் வைத்து, நேர் மேலே நின்று, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தேன், சரியாகிவிட்டது.

பழைய டிடிபி
நேர்கோடு தம்பி, பளபளப்பும் சாய்வும் எழுத்தைக் கெடுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடலோரனுக்கு ஓர் எழுத்துகூடத் தப்பாக வரவில்லையே. எவ்வளவு நேராக எடுத்தாலும் காலி இடம் வரிசையில் வராது, கீழே இருக்கும் விலை ஒரு படி மேலே ஏறிக்கொள்ளும். உங்கள் 1201-கூட அந்தச் சாய்கோட்டை 1 என்று படித்ததுதான், நல்ல போட்டோவிலும் நடக்கும்.

நான் அச்சகத்தில் இருந்தபோது மாட்டியது வேறு விதம். இரண்டு பத்தி மெனு. இடது பத்தியின் அடியில் "பிரியாணி" என்று தலைப்பு, அதன் கீழே இரண்டு அயிட்டம். மீதி மூன்று வலது பத்தியின் உச்சியில், தலைப்பில்லாமல். நான் வலது பத்தியைத் தனியாக அடித்து, தலைப்பில்லாத மூன்றையும் அடுத்து வந்த சூப்பில் சேர்த்துவிட்டேன். சூப்பில் மட்டன் பிரியாணி! முதலாளி கார்டை என் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். திட்டியிருக்கலாம்.

அதற்கப்புறம் தலைப்பு தலைப்பாகத்தான் வெட்டி எடுப்பேன். அடிக்கும் முன்பே பெயர் எத்தனை, விலை எத்தனை என்று கார்டிலேயே எண்ணிவிடுவேன். எண்ணிக்கை ஒத்துவரவில்லை என்றால் எந்த வரியில் காலி என்று படத்தில் தேடி, அங்கே "விலை இல்லை" என்று எழுதுவேன். கடைசி வரியில் ஓட்டை தெரிந்தால் தப்பு பெரும்பாலும் அதற்கு மேலே எங்கேயோ இருக்கும். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் விவரமும் ஏமாற்றும். "எலும்பில்லாத கோழி, தேங்காய்ப் பாலில் / வேகவைத்தது" என்று இரண்டு வரியாக மடங்கினால், "வேகவைத்தது" என்று ஒரு புது அயிட்டம் பிறந்துவிடும். ஹாஃப், ஃபுல் என்று உச்சியில் ஒரே ஒரு தடவை போட்டிருந்தால் 180, 320 எல்லாவற்றுக்கும் அதை எழுதிக்கொண்டே வர வேண்டும்.

புதுக்கடை
அண்ணே, மெனு டிசைன் பண்ண பக்கத்துக்கு எவ்வளவு வாங்குறீங்க?

தென்காசிப் பொண்ணு
என் கதை ஓட்டல்காரர் கதை இல்லை. அம்மாவுக்குக் கண் தெரியாது, போன் வாசித்துக் காட்டும். வெளியே சாப்பிடப் போகும் முன் அந்தக் கடை மெனு போட்டோவை நான் அடித்து அனுப்புவேன். முதல் தடவை கடலோரன் மாதிரியே பெயர் எல்லாம் முதலில், விலை எல்லாம் கடைசியில். நாற்பது பெயரைக் கேட்டு முடித்தபின் நாற்பது நம்பர். அம்மா சிரித்தார்: "எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம் இலை போடுறியேடி."

இப்போது தலைப்பு ஒரு வரி. அப்புறம் ஒவ்வோர் அயிட்டத்துக்கும் பெயர், விவரம், விலை ஒரே வரியில், கார்டில் இருக்கிற வரிசையிலேயே. ஒரு தடவை விலை குறைவிலிருந்து மேலே அடுக்கிக் கொடுத்தேன். கடைக்குப் போய் அம்மா "சூப்புக்கு அடுத்து ரெண்டாவது" என்று கேட்க, சர்வர் கார்டில் விரலை வைத்து வேறு எதையோ சொன்னார். அம்மா முகம் சுருங்கியது.

கடலோரன்
டிடிபி அண்ணே, ஒரே கார்டில் மட்டன் சுக்கா சைடு டிஷ்ஷில் 240, செட்டிநாடு பகுதியில் 260. எதை அடிப்பது?

நேர்கோடு
குறைந்ததைப் போடுங்கள், சண்டை வராது.

பழைய டிடிபி
ஐயோ வேண்டாம். ஒருவேளை கிராம் வித்தியாசமாக இருக்கலாம். இரண்டையும் இருக்கிற இடத்தில் இருக்கிறபடி அடித்து, பக்கத்தில் குறித்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். முடிவு பண்ணுவது நம் வேலை இல்லை.

நேர்கோடு
அவர் பதில் சொல்லும்வரை ஏற்றாமலே வைப்பதா?

கடலோரன்
மாமாவிடம் கேட்டுவிட்டேன். "எது பெரிசோ அதப் போடு" என்றார், பக்கத்திலேயே அத்தை "240தான்" என்கிறார். இன்னும் ஏற்றவில்லை.