காம்பரா மாமியார் பேர்ல, நான் எங்க போறது? – பாதுகாப்புக் கட்டளை எடுத்த கதை

தேயிலைப்பூ
போன மாசம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, "வீடு மாமியார் பேர்ல இருக்கு, அடிச்சா நான்தானா வெளியில போகணும்?"னு. அவளுக்காகத்தான் எழுதுறேன்.

எங்களுக்கு லயத்துல ஒரு காம்பரா, ஒரு குசினி, முன்னால இஸ்தோப்பு. இவருக்குத் தோட்டத்துல பேர் இல்ல, லொறியில போறவரு. காம்பரா மாமியாருக்குக் குடுத்தது. நான் பன்னண்டு வருசமா கொழுந்து எடுக்கிறேன். ஒரு நாள் ராத்திரி அடிச்சு, ரெண்டு புள்ளைகளோட வெளியில தள்ளிக் கதவப் பூட்டிட்டாரு. விடியும்வரைக்கும் இஸ்தோப்புல, சாரல்ல.

பொலிஸ்ல மூணு தடவ என்ட்ரி போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவரக் கூப்பிட்டு, "இனி அடிக்க மாட்டேன்"னு கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடுவாங்க. கடைசித் தடவ, "வீடு அவங்க அம்மாடது, நாங்க என்ன செய்யறது"ன்னாங்க.

அம்மா இருக்கிற தோட்டத்துக்குப் போயிட்டேன். சட்ட உதவியில கிடைச்ச லோயர் பார்த்து, இப்ப தங்கியிருக்கிற இடத்து நீதவான் கோட்ஸ்லயே மனு போடலாம், அடி வாங்கின ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லன்னாரு. சத்தியக்கடதாசி எழுதும்போதுதான் திண்டாட்டம். "எப்பவும் அடிப்பாரு"ன்னேன். "எப்பவும்னு எழுத ஏலாதும்மா, நாள் வேணும்"னாரு. எனக்கு எந்தத் தேதி ஞாபகம்? வீட்டுல சுருட்டி வச்சிருந்த சம்பளத் துண்டுகளக் கொண்டு போனேன். எந்த மாசம் எத்தன நாள் பேர் விழலன்னு அதுல தெரியுது. டிஸ்பென்சரித் துண்டு ரெண்டு இருந்துச்சு. அத வச்சு நாலு சம்பவத்துக்கு நாள் கண்டுபிடிச்சோம். ஒண்ணு தீபாவளிக்கு முந்தின வாரம்.

மனு போட்ட அன்னைக்கே இடைக்காலக் கட்டளை கிடைச்சிடுச்சு. அவரு கோட்ஸ்ல இல்ல, அவருக்குத் தெரியவும் தெரியாது. அடிக்கவோ பயமுறுத்தவோ கூடாது, நான் வீட்டுக்குள்ள போறதையும் அங்க இருக்கிறதையும் தடுக்கக் கூடாதுன்னு இருந்துச்சாம். "இருந்துச்சாம்"னு சொல்றேன், ஏன்னா பேப்பர் முழுக்கச் சிங்களம்.

அதோட வீட்டுக்குப் போனேன். இவரு ஒண்ணும் பேசாம ஒதுங்கிட்டாரு. மாமியார் வாசல்லயே நின்னுக்கிட்டு, "பேப்பர்ல என் பேர் இருக்கா? இல்லல்ல. நீ யாரு உள்ள வர"ன்னாங்க. எனக்குப் பதில் வரல.

ஊவாப்பொடியன்
அக்கா, பயப்படவே வேணாம். 2005 சட்டத்துலயே பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருக்காரு. அவர் வீட்டுக்கே வந்து அறிக்கை எழுதி உங்கள உள்ள கொண்டுபோய் விடுவாரு. வீடியோ பாத்தேன், ஒரு வக்கீலம்மா தெளிவா சொல்றாங்க.

மொழிபெயர்ப்பாளர்
தம்பி, நீங்க பார்த்தது இந்தியச் சட்டம். அதுவும் 2005, நம்மடதும் 2005, அதனால நிறையப் பேர் இப்படிக் குழம்புறாங்க. நம்ம இலங்கையில் இருப்பது 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அதில் பாதுகாப்பு அலுவலர் கிடையாது. பாதிக்கப்பட்டவரே மனுப் போடலாம், அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் போடலாம். அதனால "நாங்க என்ன செய்யறது" என்று அவர்கள் சொன்னது சரியில்லை.

நான் கோட்ஸில் இருபது வருசத்துக்கு மேல் உரைபெயர்ப்புச் செய்தவன். தேயிலைப்பூ சொன்ன வாசல் காட்சியைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். சட்டம் 'பகிர்ந்து வாழும் வீடு' என்றுதான் பார்க்கிறது. தடைகளை எழுதும்போது நீதவான் முதலில் யோசிக்க வேண்டியது பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் தங்க இடம் உண்டா என்பதை. வீடு கணவன் பேரிலா, மாமியார் பேரிலா, கம்பனிக்குச் சொந்தமா என்பது அந்தக் கட்டத்தில் பெரிய கேள்வி இல்லை.

ஆனால் கட்டளை யார் மேல் எழுதப்பட்டதோ அவரை மட்டும்தான் கட்டும். மாமியார் கேட்ட கேள்வி சட்டப்படி சரியான கேள்வி! கணவரின் தாயும் இந்தச் சட்டத்துக்குள் வருவார். ஆனால் அவர் செய்தது வன்முறை என்று காட்டினால்தான் அவர் மேலும் கட்டளை கேட்க முடியும். வாசலில் வெறுமனே வாக்குவாதம் பண்ணினார் என்றால் போதாது.

சிங்களப் பேப்பருக்குத் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். கேளுங்கள்.

கங்காணி மகன்
ஒரு சந்தேகம். கோட்ஸே உள்ள இருக்கச் சொல்லிட்டா, அந்தக் காம்பராவ அக்கா பேருக்கு மாத்திக்கலாம்தானே? வீட்டுக் காணி உறுதி குடுக்கிற கதை ஒண்ணு போகுது எங்க தோட்டத்துல.

மொழிபெயர்ப்பாளர்
இல்லை. இது இருக்கிற உரிமை மட்டும், சொந்தமாகாது. கட்டளைக்கும் காணி உறுதிக்கும் சம்பந்தமே இல்லை.

பேத்தி
எங்க அப்பாயிய அடிக்கிறது என் சித்தப்பா, அதாவது அவங்க பெத்த மகன். இந்தச் சட்டம் பொஞ்சாதிக்கு மட்டும்தானா? அப்பாயி பேர்லதான் வீடு, ஆனா அவங்க கோழிக்கூட்டுப் பக்கம் படுத்துக்கிறாங்க.

மொழிபெயர்ப்பாளர்
மகன் மேலும் கேட்கலாம். உங்கள் அப்பாயி விஷயத்தில் அந்த மகனை வீட்டில் குடியிருக்க விடாமல் தடுக்கவே கேட்கலாம். அதற்கும் தனி மனு வேண்டும்.

தேயிலைப்பூ
மிச்சத்தையும் சொல்லிடுறேன். மாமியார் அன்னைக்குக் கவ்வாத்துக் கத்திய எடுத்துக் காட்டினதையும் அதுக்கு முந்தின வருசம் தள்ளிவிட்டதையும் வச்சு, அவங்க மேல தனியா மனு போட்டோம். பதினாலு நாளைக்குள்ள விசாரண வந்துச்சு. கத்திய எடுத்து வைக்கச் சொல்லிப் பொலிஸுக்குக் கட்டளை கேட்டோம். "அது என் வேலைக் கத்தி, எஸ்டேட் குடுத்தது"ன்னு இவரு சொன்னாரு (அவருக்குத் தோட்டத்துல வேலையே இல்ல!). கத்திய எடுத்துட்டாங்க.

அவர வெளியேத்தச் சொல்லிக் கேக்கிறியான்னு லோயர் கேட்டாரு. நான் வேணாம்னேன். வேற எங்க போவாருன்னு நீதவான் கேப்பாரு, லயத்துல எல்லாரும் ஒண்ணடி மண்ணடிதானே. கடைசியில உள் காம்பராவும் குசினியும் எனக்கும் புள்ளைகளுக்கும், அவரும் மாமியாரும் அந்தப் பகுதிக்குள்ள வரக் கூடாதுன்னு ஆச்சு. மாமியார் இஸ்தோப்ப அடைச்சு இருக்காங்க. இவரு நாலாவது காம்பராவுல தம்பியோட.

இங்கதான் நான் விட்ட தப்பு. தண்ணி எடுக்கிற பீலி ஒண்ணுதான். தெனமும் காலையில இவரு அங்க வந்து உக்காந்துக்கிட்டு என்னையே பாப்பாரு. வாயத் தொறக்க மாட்டாரு. பொலிஸ்ல சொன்னேன். "கட்டளையில பீலி இல்லையே"ன்னாங்க. வேலைக்குப் போற மலை, புள்ளைகளோட பள்ளிக்கூடம், பீலி, பெரட்டுக் களம், இதையெல்லாம் மனுவில எழுதியிருக்கணும். நாங்க வீட்ட மட்டும்தான் எழுதினோம்.

ஊவாப்பொடியன்
அப்போ அவரு உக்காந்திருக்கிறது குத்தம் இல்லையா?

மொழிபெயர்ப்பாளர்
சும்மா உட்கார்ந்தால் வாதம் செய்ய இடம் இருக்கிறது. "நடுச்சாமத்துல பாரு" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் மிரட்டல், அது மீறல். மீறினால் பத்தாயிரம் ரூபா வரைக்கும் தண்டம், அல்லது ஒரு வருசம் வரைக்கும் சிறை, அல்லது இரண்டும். கட்டளையை மாற்றி எழுதச் சொல்லி அதே கோட்ஸில் கேட்கலாம், பீலியைச் சேர்த்து. புதுசாக முழு வழக்கு வேண்டாம்.

தேயிலைப்பூ
அதுக்குத்தான் போன கிழமை மனு குடுத்திருக்கோம். கட்டளை அதிகம் போனா பன்னிரண்டு மாசம்தான், எனக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதுக்குள்ள நீட்டிக்கக் கேக்கணும். மாமியார் நேத்து சொன்னாங்க, "அஞ்சு மாசம் போகட்டும், பூட்டு மாத்துறேன்"னு. பக்கத்து வீட்டு அக்கா அத நாள் போட்டு நோட்டுல எழுதி வச்சிருக்கா. இவரு இன்னைக்குக் காலையிலயும் பீலிப் பக்கம்தான் உக்காந்திருந்தாரு. ரெண்டு குடத்தையும் மூத்தவன்தான் போய்ப் பிடிச்சுக்கிட்டு வந்தான்.