r = 0.82, ஆனால் நம்பிக்கை ஆயிடையின் மேல் எல்லை 1.10 என்று வருகிறது

வட்டைக்காற்று
பெரும்போகத்தில் அம்பாறைப் பக்கம் 18 இடங்களில் ஒவ்வொரு சதுர மீற்றர் அளந்து வெட்டி, கதிர்களை எண்ணி, நெல்லைக் காயவைத்து நிறுத்தேன். கதிர் எண்ணிக்கைக்கும் விளைச்சலுக்கும் இணைபுக் குணகம் r = 0.82. நியம வழுவுக்கு √((1 − r²)/(n − 2)) போட்டேன், 0.143 வந்தது. அதை 1.96 ஆல் பெருக்கிக் கூட்டிக் கழித்தால் 95% ஆயிடை 0.54 இலிருந்து 1.10 வரை போகிறது. எங்கே பிழை விட்டேன்? மேற்பார்வை செய்கிற சேர் "z மாற்றம் செய்து பார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கல்லடிப்பாலம்
அது லேசான வேலை தங்கச்சி. ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுக்க வேண்டும். கதிர் நிரலுக்கும் விளைச்சல் நிரலுக்கும் அப்படிச் செய்த பிறகு r ஐத் திரும்ப எடுங்கள்.

வட்டைக்காற்று
செய்தேன் அண்ணே. அதே 0.82 தான் வருகிறது.

மீன்பாடும்தேன்
அதே எண்தான் வரும், ஏனென்றால் அளவுகோலை மாற்றினால் r அசையாது. கல்லடி அண்ணன் சொல்வது வேறு z, பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லோருக்கும் வருகிற குழப்பம் இது. சேர் சொன்னது ஃபிஷரின் z. அது அளவீடுகளைத் தொடாது, r என்ற அந்த ஒற்றை எண்ணைத்தான் மாற்றும்.

முதலில் உங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட்ட நியம வழு "உண்மையான இணைபு பூச்சியமா" என்று சோதிப்பதற்கான சூத்திரத்திலிருந்து வந்தது. பூச்சியத்தைச் சுற்றி r இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பரவும், அங்கே அது சரி. 0.82 க்குப் பக்கத்தில் நிலைமை வேறு. மேலே 1 என்று ஒரு சுவர் நிற்கிறது, கீழே நிறைய இடம் கிடக்கிறது. அதனால் திரும்பத் திரும்ப 18 இடங்களை வெட்டிப் பார்த்தால் கிடைக்கும் r கள் சுவர்ப் பக்கம் நெருங்கி நின்று, கீழ்ப் பக்கம் நீண்ட வாலாக இழுபடும். இரண்டு பக்கமும் சமமாகக் கூட்டிக் கழிக்கிற ஆயிடை அந்த வடிவத்துக்குப் பொருந்தாது. இதைவிடப் பெரிய தொல்லை, r இன் பரவல் ஏறத்தாழ (1 − ρ²)/√n, அதாவது நமக்குத் தெரியாத அந்த உண்மையான இணைபையே சார்ந்திருக்கிறது. எதைத் தேடுகிறோமோ அது தெரிந்தால்தான் வழு தெரியும் என்ற நிலை.

ஃபிஷர் 1915 இல் சிறிய மாதிரிகளில் r எப்படிப் பரவும் என்று கணக்கிட்டார், 1921 இல் இந்த மாற்றத்தை விரித்து எழுதினார். z = ½ ln((1 + r)/(1 − r)), கல்குலேட்டரில் atanh. இதன் சாய்வு 1/(1 − r²). மேலே பரவலில் இருந்த (1 − ρ²) ஐ அது அப்படியே வெட்டிவிடுகிறது பாருங்கள். 1 ஐ நெருங்க நெருங்க r எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவுக்கு z இழுத்து விரிக்கும், ஆகவே z இன் நியம வழு ρ எதுவானாலும் ஏறத்தாழ 1/√(n − 3). வடிவமும் செவ்வன் பரம்பலுக்குக் கிட்ட வந்துவிடும்.

உங்கள் எண்களுக்கு z = 1.157, நியம வழு 1/√15 = 0.258. கூட்டிக் கழித்தால் z இல் 0.651 முதல் 1.663 வரை. இந்த இடத்தில் நிறுத்திவிடாதீர்கள், tanh போட்டு r க்குத் திரும்பினால் 0.57 முதல் 0.93 வரை. R இல்:

```r
r <- 0.82; n <- 18
tanh(atanh(r) + c(-1, 1) * qnorm(0.975) / sqrt(n - 3))
```

எக்ஸலில் `FISHER`, `FISHERINV` என்று இரண்டு சார்புகள் இருக்கின்றன. 0.82 இலிருந்து கீழே 0.25 தூரம், மேலே 0.11 தூரம் வருகிறதல்லவா, அந்தச் சமமின்மை இருக்க வேண்டியதுதான்.

ஒலுவில்_கரை
இவ்வளவு சுற்றத் தேவையில்லை என்பது என் கருத்து. 1.10 வந்தால் 1 என்று வெட்டிவிட்டால் போச்சு. கீழ் எல்லை 0.54 க்கும் 0.57 க்கும் என்ன பெரிய வித்தியாசம்? அப்புறம் n 30 ஐத் தாண்டினால் எல்லாம் செவ்வன் பரம்பலுக்கு வந்துவிடும், z இல்லாமலே சமாளிக்கலாம்.

மீன்பாடும்தேன்
நானா, 1 இல் வெட்டினால் "எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் விழுவதும் சாத்தியம்" என்று அறிக்கையில் எழுதுகிறோம். இவருடைய சிதறல் வரைபடத்தைப் பார்க்கிற யாரும் அதை நம்பமாட்டார்கள். கீழ் எல்லை கிட்டக்கிட்ட வந்தது இந்த எண்களுக்கு நேர்ந்த தற்செயல். r ஐச் சுற்றிய சரியான வழுவான (1 − r²)/√(n − 1) ஐப் போட்டாலும் 0.66 முதல் 0.98 வரை வரும். மேல் எல்லை சுவரைத் தாண்டவில்லைதான், ஆனால் கீழ் எல்லை அநியாயத்துக்கு மேலே ஏறிவிட்டது.

30 என்ற பேச்சில் பாதி உண்மை. n கூடினால் r இன் பரவலில் அந்தச் சமமின்மை குறையும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ρ 0.9 என்றால் 30 இலும் அது நன்றாகத் தெரியும். z க்கு ஒரு பலவீனம் உண்டு, அதை n கூட்டினாலும் தீர்க்க முடியாது. 1/√(n − 3) என்பது இரண்டு மாறிகளும் சேர்ந்து செவ்வன் பரம்பலில் இருக்கும்போது வருகிற வழு. வால் கனத்த தரவு என்றால் உண்மையான பரவல் அதைவிடப் பெரிதாக இருக்கலாம், 18 க்குப் பதில் 1800 எடுத்தாலும் அந்த விகிதம் அப்படியே நிற்கும். சராசரிக்குக் கிடைக்கிற மன்னிப்பு இங்கே கிடையாது.

ஒலுவில்_கரை
அப்படியென்றால் இருக்கிற புள்ளிகளிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துப் பார்க்கிற பூட்ஸ்ட்ராப் செய்யலாமே. எந்தப் பரம்பல் எடுகோளும் வேண்டாம்.

மீன்பாடும்தேன்
செய்யலாம். ஆனால் 18 புள்ளியில் பூட்ஸ்ட்ராப் எடுக்கிற ஆயிடை சில நேரம் குறுகிப்போகும், 95% என்று எழுதிவிட்டு அவ்வளவு பிடிக்காது. நான் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பேன், தூரத் தூர நின்றால் சிதறல் வரைபடத்துக்குப் போவேன்.

களுதாவளை வெற்றிலை
நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். 24 பிள்ளைகளின் தவணைப் பரீட்சை நிலைக்கும் வகுப்புக்கு வந்த நாட்களின் நிலைக்கும் ஸ்பியர்மன் எடுத்தேன். அதற்கும் இதே z பொருந்துமா?

மீன்பாடும்தேன்
பொருந்தும் அக்கா, வழுவை மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டும், √(1.06/(n − 3)) போடுங்கள். வரவு நாட்கள் பலருக்கு ஒரே எண்ணாக இருந்தால் அதுவும் பிசகும்.

போடியார்_பேரன்
எனக்கு இந்த z ஒன்றும் தெரியாது, வயல் தெரியும். தங்கச்சி, 18 இடம் என்கிறீர்களே, 18 வட்டையா? ஒரே வட்டைக்குள்ளே ஒரே வாய்க்கால் தண்ணி, ஒரே நாளில் விதைப்பு, அனேகமாக ஒரே நெல்லினம். பக்கத்துப் பக்கத்து வரவையில் வெட்டினால் ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்லிவிடலாம்.

வட்டைக்காற்று
6 வட்டை அண்ணா, ஒவ்வொன்றிலும் 3 இடம்.

மீன்பாடும்தேன்
நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது, n = 18 என்றதும் கணக்குக்குள் இறங்கிவிட்டேன். n − 3 இல் இருக்கிற n, ஒன்றை ஒன்று சாராத சோடிகளின் எண்ணிக்கை. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற வட்டை மூன்று இடத்திலும் கதிரும் கூட, விளைச்சலும் கூட. கடைசி வட்டையில் மூன்று இடத்திலும் இரண்டும் குறைவு. அப்படியானால் 0.57 முதல் 0.93 என்று நான் எழுதியது தேவைக்கு மேல் குறுகியது.

இரண்டு கணக்குச் செய்து பாருங்கள் தங்கச்சி. ஒவ்வொரு வட்டையின் மூன்று இடங்களுக்கும் சராசரி எடுத்து, 6 சோடியில் ஒரு r. மறுகா, ஒவ்வொரு இடத்தின் எண்ணிலிருந்தும் அந்தந்த வட்டையின் சராசரியைக் கழித்துவிட்டு, மிஞ்சிய 18 சோடியில் இன்னொரு r. இரண்டாவதற்கு √15 போடக்கூடாது. 6 சராசரிகளைக் கழித்ததால் 18 − 6 − 2 = 10, வழு 1/√10.

வட்டைக்காற்று
செய்தேன். வட்டைச் சராசரிகளில் r = 0.88, n − 3 வெறும் 3, ஆயிடை 0.24 முதல் 0.99 வரை. வட்டைக்குள்ளே r = 0.61, ஆயிடை 0.09 முதல் 0.87 வரை. நேற்று கையில் இருந்த 0.57 எங்கே, இது எங்கே. இரவு நித்திரை வரவில்லை.

ஒலுவில்_கரை
பார்த்தீர்களா, இருந்த தகவலை எல்லாம் சராசரி எடுத்துத் தொலைத்துவிட்டோம். 18 இடத்திலும் வெயிலில் நின்று வெட்டியவர் அவர். 6 என்று எழுதச் சொல்வது அநியாயம்.

மீன்பாடும்தேன்
தொலைக்கவில்லை நானா, இரண்டு கேள்வியாகப் பிரித்திருக்கிறோம். கதிர் கூடிய வட்டை விளைச்சலும் கூடியதா என்பதற்கு 6 வட்டைதான் சாட்சி. ஒரே தண்ணி, ஒரே விதைப்புக்குள்ளே கதிர் கூடிய இடம் கூட விளைகிறதா என்பதற்கு அந்த 18 இடமும் பேசுகிறது, கீழ் எல்லை 0.09 என்றாலும் பூச்சியத்துக்கு மேலேதான். 0.82 என்பது இந்த இரண்டும் கலந்த எண்.

ஒலுவில்_கரை
கலந்த எண்ணையும் வைக்கலாம் என்றே நான் சொல்வேன். பரீட்சகர் அதைத்தான் முதலில் கேட்பார்.

மீன்பாடும்தேன்
0.82 ஐ விவரிப்பாக வைக்கட்டும், ஆயிடை இல்லாமல். அதற்கு ஆயிடை வேண்டுமென்றால் வட்டையை முழுதாகத் தூக்கித் தூக்கி எடுக்கிற பூட்ஸ்ட்ராப் ஒன்று உண்டு, ஆனால் 6 வட்டையில் அதையும் நான் நம்பமாட்டேன்.

போடியார்_பேரன்
சிறுபோகத்துக்கு இன்னும் காலம் கிடக்கு. ஒரு வட்டைக்கு ஒரு இடம் வெட்டினாலும் 18 வட்டைக்குப் போகலாம்தானே. எங்கள் வட்டையிலும் வந்து வெட்டுங்கள், வட்டைவிதானையிடம் நான் சொல்லிவிடுகிறேன்.

வட்டைக்காற்று
வருகிறேன் அண்ணா. அறிக்கையில் இப்போதைக்கு 0.88 ஐயும் 0.61 ஐயும் அதனதன் ஆயிடையோடு எழுதிவைக்கிறேன். சேர் 0.82 ஐக் கேட்டால் என்ன சொல்வது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.