நூறு வெள்ளி பாக்கிக்கு 63 வெள்ளி வட்டியா? சிங்கப்பூர் கார்டு பில் சந்தேகம்

புதுவயல் தம்பி (சிங்கப்பூர்)
அண்ணன்மார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். வேலைக்கு வந்து கொஞ்ச மாசம்தான் ஆகுது. மார்ச் 25 தேதி போட்ட கார்டு பில் 2,000 வெள்ளி. மார்ச் 3-ல வாங்குன ஃபிரிட்ஜ் 1,200, மார்ச் 15-ல அப்பா அம்மாவுக்குத் திருச்சியிலிருந்து போட்ட டிக்கெட் 800. கெடு ஏப்ரல் 19. ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டியிருந்ததால 18-ஆம் தேதி 1,900 கட்டிட்டேன். அப்புறம் கார்டைத் தொடவே இல்லை. இப்ப ஏப்ரல் 25 பில்லுல வட்டி மட்டும் 63 வெள்ளி 29 காசு. வருச வட்டி 27.8 சதவீதம்னு போட்டிருக்கு. அந்தக் கணக்குல நூறு வெள்ளிக்கு ஒரு வாரத்துக்கு 53 காசுதானே வரணும்?

கோட்டையூர்க்காரன் (நியூ ஜெர்சி)
தப்பான பில் தம்பி. கெடுவுக்குள்ள கட்டின தொகைக்கு வட்டி போடக் கூடாதுன்னு 2009-லேயே சட்டம் வந்தாச்சு. மீதி நூறுக்குத்தான் வட்டி. எழுத்துல புகார் கொடு, விடாதே.

கண்டனூர் அண்ணன் (சிங்கப்பூர்)
நியூ ஜெர்சித் தம்பி சொல்றது அமெரிக்கச் சட்டம், அங்கே சரி. சிங்கப்பூர் கார்டுக்கு அது செல்லாது. பில் சரியாத்தான் இருக்கு, சொல்றேன்.

வட்டியில்லாத நாட்கள்ங்கிறது பில் முழுசையும் கெடுவுக்குள்ள கட்டினா மட்டும் கிடைக்கிற சலுகை. ஒரு வெள்ளி குறைஞ்சாலும் அந்தச் சலுகை மொத்தமா போயிடும், பேங்க் பின்னாடி திரும்பி ஒவ்வொரு பொருளும் வாங்கின நாள்லேருந்து கணக்கைத் தொடங்கும். நம்ம ஐயாக்கள் பேரேட்டுல பணம் கைமாறின தேதியிலிருந்துதான் வட்டி ஏறும், இதுவும் அப்படித்தான்.

உன் கணக்கையே போட்டுப் பாரு. 27.8-ஐ 365-ஆல வகுத்தா ஆயிரம் வெள்ளிக்கு ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 76 காசு. ஃபிரிட்ஜ் 1,200, மார்ச் 3-லேருந்து நீ பணம் கட்டின ஏப்ரல் 18 வரைக்கும் 46 நாள், 42 வெள்ளி 4 காசு. டிக்கெட் 800-க்கு 34 நாள், 20 வெள்ளி 72 காசு. அதுக்கப்புறம் மிச்சம் நூறுக்கு 7 நாள், நீ சொன்ன அந்த 53 காசு. கூட்டினா 63.29. நீ கடைசி வரியை மட்டும் பார்த்திருக்கே.

பள்ளத்தூர் ஆச்சி (மலேசியா)
எனக்கும் இதே கதைதான். பில்லை முழுசாக் கட்டியும் வட்டி வந்துச்சு. ஏடிஎம்ல ஒரு தடவை கார்டு போட்டு ரொக்கம் எடுத்தேன், அவ்வளவுதான்.

கண்டனூர் அண்ணன்
ஆச்சி, அது வேற. ரொக்கம் எடுத்தா சலுகை நாளே கிடையாது. எடுத்த அன்னைக்கே வட்டி தொடங்கிடும், மேலே தனிக் கட்டணமும் உண்டு. தம்பி கேட்டது பொருள் வாங்கினதுக்கு.

புதுவயல் தம்பி
புரியுது அண்ணே. அப்ப இந்த 163.29-ஐ மே கெடுவுக்குள்ள கட்டினா முடிஞ்சிரும்ல?

கண்டனூர் அண்ணன்
கெடு வரைக்கும் காத்திருக்காதே, இன்னைக்கே கட்டு. நாள் வட்டி ஓடிக்கிட்டே இருக்கு. கட்டின பிறகும் அடுத்த பில்லுல ஓரிரு வெள்ளி வட்டி வரலாம், அது ஏப்ரல் 25-க்கும் நீ கட்டின நாளுக்கும் நடுவுல ஏறினது. எல்லாம் கட்டியாச்சுன்னு நெனச்சு பில்லைத் திறந்தே பார்க்காம விடுற ஆளுங்க இருக்காங்க. அந்தச் சின்னத் தொகை நின்னாலும் பில் பாக்கிதான், தாமதக் கட்டணமும் சேரலாம்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். சலுகை போயிருக்கிற இந்த நேரத்துல மளிகைக்கு 50 வெள்ளி தேய்ச்சாலும் தேய்ச்ச நாள்லேருந்தே வட்டி. பில்லுல வட்டின்னு ஒண்ணுமே இல்லாம ஒரு மாசம் வர்ற வரைக்கும் கார்டை எடுக்காதே, டெபிட் கார்டுல செலவு பண்ணு. அப்புறம் பேங்க் கணக்குலேருந்து மாசாமாசம் தானாவே கட்டுற கைரோ போடும்போது முழுத் தொகைன்னு குறி. குறைந்தபட்சத் தொகைன்னு இருந்தா தாமதக் கட்டணம்தான் வராது, வட்டி முழுசா வரும்.

கோட்டையூர்க்காரன்
அங்கே சட்டம் வேறன்னு இப்பத்தான் தெரியுது. ஆனா முதல் தடவைங்கிறதால போன் பண்ணிக் கேட்டா தள்ளுபடி பண்ண மாட்டாங்களா?

கண்டனூர் அண்ணன்
கேட்கலாம். சில பேருக்குத் தள்ளியிருக்காங்க, சில பேருக்குத் தாமதக் கட்டணத்தை மட்டும் விட்டுட்டு வட்டியை விடலை. முதல்ல பாக்கியைக் கட்டிட்டு, அப்புறம் கூப்பிடு தம்பி. பாக்கி நிக்கிறப்ப கேட்டா பேச்சு எடுபடாது.

புதுவயல் தம்பி
கட்டிட்டேன் அண்ணே, இப்பத்தான். திங்கட்கிழமை போன் பண்ணிட்டு என்ன சொன்னாங்கன்னு எழுதுறேன்.