பிடிஎஃப் ஸ்டேட்மென்டில் தேதி பாதி சரி, பாதி தப்பு. அவசரம்!

வரவுசெலவு:
ஆடிட்டர் ஆபீஸில் வேலை. கிளையன்ட் கொடுத்த பிடிஎஃப்களிலிருந்து எழுத்தை உருவி, பாண்டாஸில் ஒரே பட்டியலாகச் சேர்க்கிறேன். ஏப்ரல் ஸ்டேட்மென்டில் ஜனவரி, பிப்ரவரி, டிசம்பர் எல்லாம் வருகிறது. எரர் எதுவும் இல்லை. நாளைக்குள் கொடுக்கணும். யாராவது சொல்லுங்கள்.

ஸ்கேன்_ராணி:
எனக்கும் இதே கதைதான். அப்பாவின் பாஸ்புக்கை ஸ்கேன் செய்து எழுத்தாக்கினால், சாய்கோடு 1 ஆகி 03/04 என்பது 03104 என்று வந்தது. 300 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்த பிறகுதான் சரியானது. உங்கள் ஸ்கேனர் என்ன?

மலைக்கோட்டை:
அவர் ஸ்கேன் என்றே சொல்லவில்லையே. வரவுசெலவு, உருவிய எழுத்தில் நாலைந்து தேதியை அப்படியே ஒட்டுங்கள். தேதியாக மாற்றும் வரி எது? பாண்டாஸ் எந்தப் பதிப்பு? பிடிஎஃப் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவையா?

பழைய_பைதான்:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடல் பெட்டியை அலங்காரத்துக்கா வைத்திருக்கிறார்கள்? `dayfirst=True` போடுங்கள், முடிந்தது.

வரவுசெலவு:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஸ்கேன் இல்லை. பதிப்பு 2.2. முதலில் எரர் வந்தது, அந்த எரரிலேயே ஒரு வழி போட்டிருந்தது, அதைச் செய்ததும் ஓடியது.

```python
df["date"] = pd.to_datetime(df["raw"], format="mixed")
```

பிடிஎஃப்பில் 01/04/2024, 12/04/2024, 15/04/2024 என்றுதான் இருக்கிறது. முதலாவது ஜனவரி 4 ஆகிறது, இரண்டாவது டிசம்பர் 4. 15 மட்டும் சரி. பழைய_பைதான் சார் சொன்னதைப் போட்டேன், இது சரியாகிவிட்டது. ஆனால் இன்னொரு ஃபைல் இப்போது கெட்டுவிட்டது.

மலைக்கோட்டை:
எரர் எதுவும் இல்லை என்றீர்களே. எரர் வந்திருக்கிறது, அதன் வாயைத்தான் நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

2.0க்குப் பிறகு பாண்டாஸ் முதல் தேதியைப் பார்த்து வடிவத்தை ஊகிக்கும். 01/04 என்றால் அதன் கணக்கில் மாதம் முதலில். அதே வடிவத்தோடு 15/04க்கு வரும்போது 15ஆம் மாதம் கிடையாது என்று நின்றுவிடும். அது நல்ல எரர். `mixed` போட்டால் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக ஊகிக்கும். முடிந்த இடத்தில் மாதம் முதலில், முடியாத இடத்தில் நாள் முதலில். அதனால்தான் 12ஆம் தேதி வரை தப்பு, 13லிருந்து சரி. 04/04 மட்டும் எப்படிப் படித்தாலும் பிழைத்துவிடும்.

`dayfirst=True` கட்டளை இல்லை, விருப்பம்தான். `mixed`கூடச் சேர்ந்தால் 04/15/2024 என்பதையும் எரர் போடாமல் ஏப்ரல் 15 என்று எடுத்துக்கொள்ளும். இன்னொரு ஃபைலில் என்ன இருக்கிறது?

பழைய_பைதான்:
கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். ஃபைல் இரண்டு என்று ஜோசியமா பார்க்க முடியும்?

வரவுசெலவு:
அது கிளையன்ட்டின் அமெரிக்க ஷேர் கணக்கு. டிவிடென்ட் வரிகள் நாலே நாலு: 03/06/2024, 06/05/2024, 09/04/2024, 12/04/2024. பேங்க்கையும் இதையும் சேர்த்துத்தான் மாற்றுகிறேன்.

நெல்லைக்காரன்:
இவ்வளவு எதற்கு? எக்ஸலில் திறந்து, டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், நாள்-மாதம்-வருடம் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

மலைக்கோட்டை:
நெல்லைக்காரன், அந்த வசதி நல்லதுதான், நெடுவரிசை இன்னும் எழுத்தாக இருக்கும்வரை. சிஎஸ்வியை இரட்டை கிளிக் செய்து திறந்தாலே எக்ஸல் விண்டோஸின் வட்டார அமைப்பைப் பார்த்து மாற்றிவிடுகிறது. அமெரிக்க அமைப்புள்ள கணினியில் 01/04 ஜனவரி ஆகி வலப்பக்கம் ஒட்டிக்கொள்ளும், 15/04 எழுத்தாகவே இடப்பக்கம் நிற்கும். அப்படிப் பாதி பாதியாகத் தெரிந்தால் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

வரவுசெலவு, சேர்த்த பிறகு மாற்றுவதுதான் தவறு. ஒன்றாகக் கொட்டிய பிறகு எந்த வரி எந்த ஊர்க்காரன் என்று கண்டுபிடிக்க முடியாது. வடிவத்தை ஃபைலுக்கு ஃபைல் முடிவு செய்யுங்கள், வரிக்கு வரி இல்லை. ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு விதமாகவும் கறாராகப் படித்துப் பாருங்கள்:

```python
for f in ("%d/%m/%Y", "%m/%d/%Y"):
    d = pd.to_datetime(df["raw"], format=f, errors="coerce")
    print(f, d.isna().sum(), d.is_monotonic_increasing)
```

பேங்க் ஃபைலில் ஒரு 15 போதும், மாதம் முதலில் என்ற வாசிப்பு அங்கேயே தோற்றுவிடும். ஷேர் ஃபைலில் 12ஐத் தாண்டிய எண்ணே இல்லை, இரண்டு வாசிப்பும் தேறும். அங்கே வரிசையைப் பாருங்கள். நாள் முதலில் என்றால் ஜூன் 3, மே 6, ஏப்ரல் 9, ஏப்ரல் 12. முன்னும் பின்னும் போகிறது. மாதம் முதலில் என்றால் மார்ச் 6, ஜூன் 5, செப்டம்பர் 4, டிசம்பர் 4. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிவிடென்ட், வரிசையும் சுத்தம். (சில ஸ்டேட்மென்டில் புதியது மேலே இருக்கும், அப்போது இறங்குவரிசையா என்று பாருங்கள்.)

உங்களுக்கு இது வெறும் அழகுப் பிரச்சினையும் இல்லை. மார்ச் 6 என்றால் 2023-24 நிதியாண்டு. ஜூன் 3 என்று படித்தால் 2024-25க்குப் போய்விடும்.

நெல்லைக்காரன்:
நாலு வரியை வைத்துப் புலனாய்வா? பக்கத்தின் தலையில் தேதி இருக்குமே, அதைப் பார்த்தால் தெரியாதா?

மலைக்கோட்டை:
எந்தத் தேதி என்பதைப் பொறுத்தது. "01/04/2024 முதல் 30/04/2024 வரை" என்று ஸ்டேட்மென்டே போட்டிருந்தால் அது தங்கம். மாற்றிய தேதிகள் எல்லாம் அந்த எல்லைக்குள் விழுகிறதா என்றும் சரிபார்க்கலாம். ஆனால் பிரவுசரில் பிரின்ட் கொடுத்துச் சேமித்த பிடிஎஃப்பில் மூலையில் 5/4/24, 10:12 AM என்று ஒரு வரி வரும். அதைப் போட்டது பிரவுசர், பேங்க் இல்லை. அதை நம்பி நான் ஒரு முழு வருடக் கணக்கைக் கவிழ்த்திருக்கிறேன்.

ஸ்கேன்_ராணி:
இந்த அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் போடுவதால்தானே இத்தனை வம்பு?

பழைய_பைதான்:
அவர்கள் பேசுவது போலவே எழுதுகிறார்கள். நாம் மட்டும் "ஏப்ரல் 15" என்றுதானே சொல்கிறோம், "15 ஏப்ரல்" என்றா சொல்கிறோம்?

நெல்லைக்காரன்:
கல்யாணப் பத்திரிகையில் 15.04.2024 என்றுதானே அடிக்கிறோம் சார்.

பழைய_பைதான்:
பத்திரிகையை பாண்டாஸில் ஏற்றுவதில்லை.

மலைக்கோட்டை:
வருடத்தில் 144 தேதிகளில் இரண்டு எண்ணும் 12க்குள் இருக்கும். அதில் 01/01, 02/02 மாதிரி 12ஐக் கழித்தால், 132 நாள் சத்தமில்லாமல் இடம் மாறக்கூடியவை. யார் மேல் தப்பு என்பதை அப்புறம் பேசலாம். வரவுசெலவு, சேமிக்கும்போது 2024-04-15 வடிவில் சேமியுங்கள். `raw` நெடுவரிசையை அழிக்காதீர்கள், ஃபைல் பெயரையும் பக்கத்தில் வையுங்கள். தேறாத வரியைத் தனியாக ஒதுக்குங்கள், இன்னொரு வடிவத்தில் திணிக்க வேண்டாம்.

வரவுசெலவு:
பேங்க், ஷேர் இரண்டும் சரியாகிவிட்டது. ஏப்ரல் கடைசி இருப்பும் ஒத்துப்போகிறது. `mixed`ஐத் தூக்கிவிட்டேன். நன்றி சார். ஒரே ஒரு பணப் பரிமாற்றக் கடிதம் பாக்கி, அதில் 05/06/2024 என்ற ஒரே தேதிதான் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?

மலைக்கோட்டை:
ஒற்றைத் தேதியை வைத்து எந்த நிரலும் சொல்லாது. அந்தத் தொகை பேங்க்கில் மே 6ஐ ஒட்டி வரவாகியிருக்கிறதா, ஜூன் 5ஐ ஒட்டியா என்று பாருங்கள். இரண்டிலும் இல்லையென்றால் காலியாக விட்டு கிளையன்ட்டிடம் கேளுங்கள்.

ஸ்கேன்_ராணி:
கடிதம் ஸ்கேனா?