வீரை, காசா கன்றுகள் வளரவில்லை: ஐந்தாம் ஆண்டு அளவுகோல் என்ன?

மரக்காணம் அருகே இரண்டு ஏக்கர் செம்மண் மேட்டில் உலர் பசுமைமாறாக் காட்டை மீட்க முயல்கிறோம். 2021 அக்டோபரில், மழை பிடித்ததும் 600 கன்றுகள் நட்டோம். 420 உயிருடன் இருக்கின்றன. ஆனால் வீரையும் காசாவும் இன்னும் முழங்கால் உயரம்தான். வெயில் படும் இலைகள் ஓரம் கருகிச் சுருள்கின்றன. நிழலில் நிற்பவை மட்டும் பளபளப்பாக இருக்கின்றன.

சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தோம், ஆடு நுழையாமல் வேலியிட்டோம், வரப்பு போட்டோம், இரண்டு கோடை தண்ணீர் ஊற்றினோம். நிழலையும் சேர்த்து அகற்றியதே தவறோ என்று இப்போது வருந்துகிறேன். ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஜூனிலும் பத்து மீட்டர் சதுரங்களில் எண்ணுகிறோம். பிழைத்த கன்றுக் கணக்கு மூன்றாண்டு வரைதான் பயன்பட்டது. தானாக முளைப்பவை பறவை போட்ட வேம்பு மட்டுமே.

ஐந்தாம் ஆண்டுக்கு வெற்றியின் அளவுகோலாக நிழல் பரப்பை வைப்பதா, தானாக முளைத்த காட்டுக் கன்றுகளின் எண்ணிக்கையை வைப்பதா?