கலைச்சொல் தேவை: நடு உறுப்பைப் பிரிக்கும் அந்த இரண்டு எண்களுக்கு என்ன பெயர்?

சாட்ஸ்வொர்த், டர்பன்

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கிரேடு 9 பிள்ளைகள் நாலு பேர் இருக்கிறார்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் கணக்கை அவர்களுக்குத் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். இங்கே இந்த வருஷப் பாடத்தில் x²-க்கு முன்னால் 1 இருக்கிற கோவைகளும், பொதுக் காரணியை வெளியே எடுத்ததும் அப்படி ஆகிவிடுகிறவையும்தான் வரும். ஆனால் ஒரு பெண் தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டாள். 6x² − 7x − 20 கொடுத்தேன்.

"நடு உறுப்பைப் பிரி" என்றேன். அவள் எழுதியது இது:

6x² − 3,5x − 3,5x − 20

அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் ரொட்டியைப் பிரி என்றால் சரிபாதியாகத்தானே பிரிப்பார்கள். நான் எதிர்பார்த்தது −15, 8 என்ற இரண்டு எண்களை. அவற்றைச் சொல்ல எனக்கு ஒரு பெயர் இல்லை. "அந்த ரெண்டு நம்பர்" என்றே ஒரு மணி நேரம் ஓட்டினேன். "இணை எண்கள்" என்று வைத்துக்கொள்ளலாமா?

லெனேசியா

அக்கா, என் மகனுக்கும் இதே தொல்லை. அவனுக்கு நான் சூத்திரத்தையே சொல்லிக் கொடுத்துவிட்டேன். இருபடிச் சூத்திரத்தில் போட்டால் x = 5/2, x = −4/3 என்று நேராக வந்துவிடும். நடு உறுப்பும் வேண்டாம், பெயரும் வேண்டாம்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்

தம்பி, நீங்கள் சொல்வது சமன்பாட்டுக்கு. அக்கா கேட்டது கோவைக்கு. "= 0" என்று எங்கும் இல்லை, அதனால் x-க்கு விடை என்று ஒன்றும் இல்லை. காரணிப்படுத்தச் சொன்ன இடத்தில் x = 5/2 என்று எழுதினால் தாளில் மதிப்பெண் விழாது. ஆனால் உங்கள் சூத்திரத்தில் இந்தக் கேள்விக்கு உதவும் ஒன்று இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

"இணை எண்" வேண்டாம். மேல் வகுப்பில் கலப்பெண் படிக்கும்போது a + ib-க்கு a − ib-ஐத் தமிழ்நாட்டில் இணை எண் என்றுதான் சொல்கிறார்கள். இன்று இங்கே செலவழித்துவிட்டால் நாளை அங்கே குழப்பம்.

பெயர் எதைக் காட்ட வேண்டும் என்று முதலில் பார்ப்போம். முதல் கெழு 6, மாறிலி −20, பெருக்கினால் −120. பெருக்கினால் −120-ம் கூட்டினால் −7-ம் வரும் இரண்டு எண்கள் வேண்டும். பெருக்கல் பலன் எதிர்மறை என்பதால் ஒன்று நேர்க்குறி, மற்றது எதிர்க்குறி. கூட்டல் எதிர்மறை என்பதால் பெரியதுதான் எதிர்க்குறி. அப்படியென்றால் 120-ன் காரணிகளில் 7 வித்தியாசம் உள்ள சோடியைத் தேடினால் போதும். 10, 12 என்றால் வித்தியாசம் 2. 8, 15 என்றால் 7. ஆக −15, 8.

6x² − 15x + 8x − 20
= 3x(2x − 5) + 4(2x − 5)
= (2x − 5)(3x + 4)

பிள்ளைகள் தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, −120-க்குப் பதிலாக −20-ன் காரணிகளிலேயே தேடுவது. அங்கே −7 கிடைக்கவே கிடைக்காது. உடனே "இதைக் காரணிப்படுத்த முடியாது" என்று எழுதிவிடுவார்கள். இரண்டாவது, 8x-ஐ முன்னால் எழுதும்போது வருவது:

6x² + 8x − 15x − 20

பின்பாதியிலிருந்து −5-ஐ வெளியே எடுத்தால் உள்ளே 3x + 4. பல பேர் 3x − 4 என்று எழுதுகிறார்கள், −20-ன் கழித்தல் குறி உள்ளேயும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. இரண்டு அடைப்புக்குள்ளும் ஒரே கோவை வரவில்லை என்றால் குறியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஃபீனிக்ஸ், டர்பன்

ஐயா, இவ்வளவு நீளம் எதற்கு? −15, 8 கிடைத்ததும் 6-ஆல் வகுத்துவிடுங்கள். −15/6 என்பது −5/2, 8/6 என்பது 4/3. கீழே இருப்பதை x-க்கு முன்னால் போட்டால் (2x − 5)(3x + 4). முடிந்தது. நான் படிக்கும்போது எப்போதும் இப்படித்தான் செய்தேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. வகுப்பதற்குப் பயன்படுவதால் "வகுபடு சோடி" என்று பெயர் வைக்கலாம்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்

தப்பும் தம்பி. 12x² − 14x − 40 எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கல் −480, எண்கள் −30, 16. 12-ஆல் வகுத்தால் மறுபடி −5/2, 4/3. உங்கள் வழியில் விடை (2x − 5)(3x + 4). 2 எங்கே போனது? சரியான விடை 2(2x − 5)(3x + 4). பொதுக் காரணியை முதலில் வெளியே எடுத்து, கடைசி வரி வரை கூடவே எழுதிக்கொண்டு வந்தால்தான் உங்கள் குறுக்குவழி நிற்கும்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

அந்த வழியை ஆறு மாதம் கழித்துச் சொல்லிக்கொள்கிறேன். இப்போதே எங்கள் பையன் ஒருவன் வகுக்காமல் (x − 15)(x + 8) என்று நேராக எழுதிவிட்டான். பழைய கணக்குகளில் அப்படித்தானே வந்தது. பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். "−7x சரியா வருதே டீச்சர்" என்கிறான்! ஆமாம், நடு உறுப்பு சரியாகவே வருகிறது. x², −120 என்ற இரண்டு ஓரமும்தான் தப்பு. அவன் ஓரங்களைப் பார்க்கவில்லை.

அதனால் x = 1 போட்டுச் சரிபார்க்கச் சொன்னேன். கோவை −21, அவன் விடை −126.

பீட்டர்மரிட்ஸ்பர்க்

நல்ல சோதனை. ஆனால் 1 மட்டும் போதாது. (2x − 5)(4x + 3) என்று மாற்றி எழுதினாலும் x = 1-ல் −21 வந்துவிடும். 2-ஐயும் போடச் சொல்லுங்கள். கோவை −10, இந்தத் தப்பு விடை −11. அங்கே பிடிபடும்.

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

கணக்கில் நான் வாய் திறக்க மாட்டேன், தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். சொல்லைப் பற்றி மட்டும். "வகுபடு சோடி" கூடாது. அந்த எண்களின் முதல் வேலை வகுப்பதல்ல. "பிரிப்பெண்" என்றால் அந்தப் பெண்ணுக்கு மறுபடி சரிபாதி ஞாபகம் வரும். "பங்கெண்" எப்படி? சொத்தில் பங்கு என்றால் சமமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. −7x-ல் ஒரு பங்கு −15x, இன்னொரு பங்கு 8x.

லெனேசியா

ஏழில் பதினைந்து பங்கா? சொத்தைவிடப் பங்கு பெரிதாக இருக்கிறதே!

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

ஒருவர் பதினைந்து கடன், மற்றவர் எட்டு வரவு. சேர்த்தால் வீட்டுக்கு ஏழு கடன். பிள்ளைகளுக்கு இது புரியும் என்றே நினைக்கிறேன்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்

எனக்கு அரை மனதுதான். பங்கெண் கூட்டலைக் காட்டுகிறது, −120-ஐக் காட்டவில்லை. தப்பு நடப்பதே அங்கேதான். "பெருக்கல் பங்கெண்" என்றால் நீளம்.

லெனேசியாத் தம்பியிடம் சொன்ன பாக்கி. உங்கள் சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் இருப்பது b² − 4ac. இங்கே 49 + 480 = 529, அது 23-ன் வர்க்கம். −7-உடன் 23-ஐக் கூட்டிப் பாதியாக்கினால் 8, கழித்துப் பாதியாக்கினால் −15. தேடாமலே பங்கெண்கள் கிடைத்துவிட்டன. மாறிலி −19 ஆக இருந்தால் 505 வரும், அது முழு வர்க்கம் இல்லை. அப்போது தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், முழு எண்களில் பங்கெண் கிடையாது.

சாட்ஸ்வொர்த், டர்பன்

நீங்களே இரண்டு தடவை பங்கெண் என்று எழுதிவிட்டீர்கள் ஐயா! சனிக்கிழமை அதையே பலகையில் எழுதுகிறேன். பக்கத்தில் −120-ஐ வட்டம் போட்டு வைக்கிறேன், அந்த எண்ணுக்கு ஒரு பெயர் யாராவது சொல்லுங்கள்.